பிராக்கெட்டில் லோடு தள்ளி நின்றால் ஒவ்வொரு போல்ட்டுக்கும் எவ்வளவு வெட்டு விசை?

"சார், ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் டிராயிங் பார்க்கிறேன், டிப்ளமோ முடித்தவன். 250 மி.மீ. அகல ஃபிளேஞ்ச் உள்ள தூணில் ஒரு பிராக்கெட் பிளேட், 10 மி.மீ. தடிமன். போல்ட் ஆறு, எம்20, 4.6 கிரேடு. செங்குத்தாக இரண்டு வரிசை, வரிசைக்கு மூன்று. வரிசைகளுக்கு நடுவே 120 மி.மீ., மேலும் கீழும் 80 மி.மீ. பிட்ச். ஃபேக்டர் போட்ட லோடு 90 கிலோநியூட்டன், ஃபிளேஞ்ச் ஓரத்திலிருந்து 75 மி.மீ. தள்ளி இறங்குகிறது. 90-ஐ ஆறால் வகுத்தால் 15, ஒரு போல்ட் 45 தாங்கும், ஆனாலும் டிசைனர் போதாது என்று திருப்பிவிட்டார். முறுக்கினால் 38 வருகிறதாம். 15-ஐயும் 38-ஐயும் கூட்டினால் 53. அப்படிக் கூட்டுவது சரியா? எல்லா போல்ட்டுக்கும் அதேதானா?"

தம்பி, டிசைனர் சொன்னது சரி, ஆனால் 53 சரியில்லை. லோடு இருக்கும் பக்கத்து மூலை போல்ட்டுகள் இரண்டுக்கும் 48.6 கிலோநியூட்டன் வருகிறது, எதிர்ப்பக்க நடு போல்ட்டுக்கு 8 கூட வரவில்லை. ஆறும் ஒரே துளை, ஒரே பிளேட், ஒரே லோடு, ஆனால் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் ஆறு மடங்கு வித்தியாசம். அது எப்படி வருகிறது என்று ஒருமுறை கையால் போட்டுப் பார்த்துவிட்டால் அப்புறம் டிராயிங்கைப் பார்த்ததுமே எந்த போல்ட் மாட்டும் என்று கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிடும், அதனால் முழுசாகவே எழுதுகிறேன்.

முதலில் லோடு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதைச் சரி செய்துகொள்ள வேண்டும், ஏனென்றால் இந்தக் கணக்கில் நான் பார்த்த தப்புகளில் பாதி இங்கேதான் ஆரம்பிக்கிறது. நீங்கள் ஃபிளேஞ்ச் ஓரத்திலிருந்து 75 என்று எழுதியிருக்கிறீர்கள். டிராயிங்கில் அந்த அளவுதான் பெரிதாகப் போட்டிருப்பார்கள், டேப் வைத்து அளக்கவும் அதுதான் வசதி. ஆனால் போல்ட் கூட்டத்துக்கு ஃபிளேஞ்ச் ஓரம் எங்கே இருக்கிறது என்பது ஒரு பொருட்டே இல்லை. அதற்கு வேண்டியது தன்னுடைய மையத்திலிருந்து லோடு எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பது மட்டும்தான். ஆறு போல்ட்டும் சமச்சீராக இருப்பதால் மையம் தூணின் நடுக்கோட்டில் விழுகிறது, அங்கிருந்து ஓரம் 125, அதற்கு மேல் 75, ஆக 200 மி.மீ. முறுக்குத் திருப்பம் 90 × 200 = 18,000 கிலோநியூட்டன் மி.மீ. 75-ஐ மட்டும் எடுத்துப் போட்டிருந்தால் மூலை போல்ட்டுக்கு 26 சொச்சம்தான் வரும், தாராளமாகத் தாங்கும் என்று கையெழுத்துப் போட்டுவிடுவோம். காகிதத்தில் அந்த விடை பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும், அதனால்தான் அது பிடிபடாமல் போய்விடுகிறது.

சரி, லோடு மையத்தில் இறங்காமல் தள்ளி இறங்கும்போது பிளேட் இரண்டு வேலை செய்யப் பார்க்கிறது. ஒன்று, நேராகக் கீழே இறங்கப் பார்க்கிறது. இரண்டு, கடிகாரமுள் திசையில் சுழலப் பார்க்கிறது (லோடு வலது பக்கம் என்று வைத்துக்கொள்வோம்). இறங்குவதைத் தடுக்க எல்லா போல்ட்டும் சமமாகப் பங்கு போடுகின்றன, ஆளுக்கு 15 கிலோநியூட்டன், எல்லாவற்றிலும் பிளேட் போல்ட்டைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது. இதுதான் நேர் வெட்டு விசை. சுழல்வதைத் தடுப்பதில் மட்டும் பங்கு சமமாக இருக்காது. பிளேட் தன் தளத்தில் வளையாமல் அப்படியே ஒரு சின்னக் கோணம் திரும்புகிறது என்றால், மையத்திலிருந்து தூரமாக இருக்கும் துளை அதிகம் நகரும், பக்கத்தில் இருக்கும் துளை கொஞ்சம்தான் நகரும். எவ்வளவு நகர்கிறதோ அவ்வளவு விசை. ஆக போல்ட்டின் மேல் வரும் முறுக்கு வெட்டு விசை தூரத்துக்கு நேர் விகிதம், திசை மட்டும் அந்த போல்ட்டையும் மையத்தையும் சேர்க்கும் கோட்டுக்குச் செங்குத்து.

அந்த விகித எண்ணை k, மையத்திலிருந்து போல்ட்டின் தூரத்தை r என்று வைத்தால் ஒரு போல்ட்டின் விசை k × r. அது மையத்தைச் சுற்றித் தரும் எதிர்த்திருப்பம் k × r × r. ஆறையும் கூட்டினால் நம் திருப்பம் M, அதாவது 18,000 வந்தாக வேண்டும். அதிலிருந்துதான் புத்தகத்தில் இருக்கும் சூத்திரம் வருகிறது:

F = M × r ÷ Σr²

உங்கள் பிராக்கெட்டில் மூலை போல்ட் மையத்திலிருந்து பக்கவாட்டில் 60, உயரத்தில் 80. அப்படியென்றால் தூரம் சரியாக 100 மி.மீ. நடு போல்ட்டுகள் இரண்டும் 60 மி.மீ. தூரத்தில். தூரங்களின் வர்க்கத்தைக் கூட்டினால் மூலை நான்குக்கு 40,000, நடு இரண்டுக்கு 7,200, மொத்தம் 47,200. மூலை போல்ட்டுக்கு 18,000 × 100 ÷ 47,200 = 38.1 கிலோநியூட்டன், டிசைனர் சொன்ன 38 இதுதான். நடு போல்ட்டுக்கு 22.9.

இப்போது கூட்டும் இடம். 15 கீழ்நோக்கி இருக்கிறது, 38.1 சாய்வாக இருக்கிறது, இரண்டு திசையும் வேறாக இருக்கும்போது எண்களை அப்படியே கூட்ட முடியாது. நான் எப்போதும் சொல்வது, கோணத்தைத் தேடிப் போகாதீர்கள், 38.1-ஐ நிற்கும் பாகம், படுக்கும் பாகம் என்று இரண்டாகப் பிரித்துவிடுங்கள். இதில் ஒரு சின்ன விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் குழப்பமே இல்லை. விசை ஆரக்கோட்டுக்குச் செங்குத்தாக இருப்பதால், நிற்கும் பாகத்துக்குப் பக்கவாட்டுத் தூரமும் படுக்கும் பாகத்துக்கு உயரத் தூரமும் வரும், அதாவது மாறி வரும். மூலை போல்ட்டுக்கு நிற்கும் பாகம் 18,000 × 60 ÷ 47,200 = 22.9, படுக்கும் பாகம் 18,000 × 80 ÷ 47,200 = 30.5.

வலது மேல் மூலையை எடுத்துக்கொள்வோம். பிளேட் கடிகாரமுள் திசையில் திரும்பும்போது வலது பக்கம் இருக்கும் எதுவும் கீழே போகும், மேலே இருக்கும் எதுவும் வலது பக்கம் போகும். ஆக அங்கே முறுக்கு விசையின் நிற்கும் பாகம் கீழ்நோக்கி, நேர் விசையும் கீழ்நோக்கி. 15 + 22.9 = 37.9. படுக்கும் பாகம் 30.5 வலது பக்கம், அதில் சேர வேறு எதுவும் இல்லை. 37.9-இன் வர்க்கத்தையும் 30.5-இன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 48.6 கிலோநியூட்டன். வலது கீழ் மூலைக்கும் இதே எண்தான், படுக்கும் பாகம் மட்டும் இடது பக்கம் திரும்பியிருக்கும். வலது நடு போல்ட் மையத்தின் அதே உயரத்தில் இருப்பதால் அதற்குப் படுக்கும் பாகமே கிடையாது, 15-ம் 22.9-ம் ஒரே கோட்டில் விழுகின்றன, அங்கே நேராகக் கூட்டலாம், 37.9. நீங்கள் கேட்ட "அப்படியே கூட்டலாமா" என்பதற்கு இந்த ஆறில் அந்த ஒரே இடத்தில்தான் ஆமாம் என்று பதில்.

இடது பக்கம் கதை மாறுகிறது. சுழற்சியில் இடது பக்கம் மேலே போகப் பார்க்கிறது, நேர் விசை கீழே இழுக்கிறது, இரண்டும் ஒன்றையொன்று தின்கின்றன. நடு போல்ட்டில் 22.9 மேல்நோக்கி, 15 கீழ்நோக்கி, மிச்சம் 7.9 மேல்நோக்கி. மூலைகளில் அந்த 7.9-உடன் 30.5-ஐச் சேர்த்தால் 31.5. இதுவரை போட்டது சரிதானா என்று பார்க்க ஒரு நல்ல சோதனை இருக்கிறது, இதைத் தவறாமல் செய்யுங்கள். வலது மூன்றிலும் கீழ்நோக்கி 37.9, இடது மூன்றிலும் மேல்நோக்கி 7.9. மூன்று முறை 37.9 கழித்தல் மூன்று முறை 7.9, சரியாக 90 வருகிறது. வராவிட்டால் எங்கேயோ குறி மாறியிருக்கிறது என்று அர்த்தம், மேலே போகக் கூடாது.

புத்தகத்தில் இதையே ஒரே சூத்திரமாகக் கொடுத்திருப்பார்கள், இரண்டு விசையின் வர்க்கங்கள், கூட்டல் அந்த இரண்டின் பெருக்குத்தொகையின் இரண்டு மடங்கு × cos θ, எல்லாவற்றுக்கும் வர்க்கமூலம் என்று. அதுவும் சரிதான், அதிலும் 48.6 தான் வரும். ஆனால் அதில் θ என்பது இரண்டு விசைகளுக்கு இடையே உள்ள கோணம். அது ஆரக்கோடு படுக்கைக் கோட்டோடு செய்யும் கோணத்துக்குச் சமம், அதனால் இங்கே cos θ என்பது 60 ÷ 100, அதாவது 0.6. ஆரக்கோடு நிற்கும் கோட்டோடு செய்யும் கோணத்தை எடுத்து 0.8 போடுகிறவர்கள் நிறையப் பேர், அவர்களுக்கு 50.9 வரும். இந்தத் தடவை தப்பு பாதுகாப்புப் பக்கம் விழுந்தது, பிட்ச் குறைவாகவும் வரிசை அகலமாகவும் இருக்கும் பிராக்கெட்டில் அதே தப்பு எதிர்ப்பக்கம் விழும். நிற்கும் பாகம், படுக்கும் பாகம் என்று பிரித்துப் போட்டால் இந்தச் சிக்கலே வராது.

இனி தாங்கும் திறன். ஐ.எஸ். 800:2007-இல் பத்தாவது பிரிவு இணைப்புகளுக்கானது. மரை வெட்டு தளத்தில் விழுகிறது என்று எடுத்துக்கொண்டால் எம்20-க்குப் பரப்பு 245 சதுர மி.மீ., 4.6 கிரேடுக்கு இறுதி வலிமை சதுர மி.மீ.க்கு 400 நியூட்டன். 400-ஐ √3-ஆல் வகுத்து 245-ஆல் பெருக்கி, 1.25 என்ற பாதுகாப்புக் காரணியால் வகுத்தால் 45.3 கிலோநியூட்டன், நீங்கள் சொன்ன 45 அதுதான். 10 மி.மீ. பிளேட்டில் துளை ஓரம் நசுங்கும் திறன், ஓரத்தூரம் 40 விட்டிருந்தால், 97 பக்கம் வருகிறது, அதனால் அது பிரச்சினை இல்லை. போல்ட் வெட்டுதான் கட்டுப்படுத்துகிறது. வருவது 48.6, தாங்குவது 45.3. டிசைனர் திருப்பியது நியாயம்தான்.

இந்த இடத்தில் பட்டறையில் உடனே வரும் யோசனை, "நடுவில் இன்னொரு போல்ட் போட்டுவிடலாமே" என்பது. போட்டுப் பார்ப்போம். சரியாக மையத்தில் ஏழாவது போல்ட். நேர் விசை 90 ÷ 7, அதாவது 12.9 ஆகக் குறைகிறது. ஆனால் அந்த போல்ட்டுக்கு மையத்திலிருந்து தூரம் பூஜ்யம், Σr²-இல் அது ஒன்றுமே சேர்க்காது, முறுக்கு விசை அப்படியே இருக்கிறது. மூலையில் 47.0. இன்னும் தாங்காது. அதற்குப் பதில் அதே ஆறு போல்ட்டை வைத்துக்கொண்டு பிட்ச்சை 80-லிருந்து 100 ஆக்குங்கள், பிளேட் உயரம் 40 மி.மீ. கூடும், அவ்வளவுதான். Σr² 61,600 ஆகிறது, மூலையில் நிற்கும் பாகம் 32.5, படுக்கும் பாகம் 29.2, சேர்த்து 43.7. தாங்கிவிடும். ஒரு போல்ட் கூட அதிகமில்லாமல் விரித்து வைத்ததிலேயே வேலை முடிந்தது. 43.7-க்கும் 45.3-க்கும் இடைவெளி குறைவாக இருக்கிறதே என்று தோன்றினால் எம்24-க்குப் போகலாம், 4.6 கிரேடிலேயே 65 கிலோநியூட்டன் தாங்கும். ஆனால் துளை 26 மி.மீ. ஆகும், ஓரத்தூரம் மறுபடியும் பார்க்க வேண்டும். அல்லது எம்20-யிலேயே 8.8 கிரேடு, 90 தாங்கும். இதில் ஒன்று கவனியுங்கள்: 8.8 என்று டிராயிங்கில் எழுதினால் மட்டும் போதாது, வந்து இறங்கும் போல்ட்டின் தலையில் 8.8 என்று பொறித்திருக்கிறதா என்று மூட்டையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தலையில் எதுவும் இல்லாத போல்ட் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கிறது, அதை 8.8 என்று நினைத்து முடுக்கினால் கணக்கு முழுவதும் பொய்.

எது உறுதி, எது அவ்வளவு உறுதி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்த 48.6-ஐப் புள்ளி வரை உண்மை என்று நம்பிவிடக் கூடாது. ஆறு போல்ட்டும் சேர்ந்து 90-ஐயும் 18,000-ஐயும் தாங்கியாக வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்தே கிடையாது, அது சமநிலை. லோடு பக்கத்து மூலைகளில் இரண்டு விசையும் கைகோத்துக்கொள்கின்றன, எதிர்ப்பக்கம் கழித்துக்கொள்கின்றன என்பதும் உறுதி. சந்தேகத்துக்கு இடம் உள்ளது பங்கு போட்ட விதத்தில். பிளேட் வளையவே வளையாது, எல்லா போல்ட்டும் ஒரே நேரத்தில் வேலை செய்யும், ஒரே மாதிரி இழுபடும் என்று எடுத்துக்கொண்டுதான் அந்த நேர் விகிதம் வந்தது. நிஜத்தில் எம்20-க்கு 22 மி.மீ. துளை, 2 மி.மீ. ஆட்டம் இருக்கிறது. லோடு ஏறும்போது எந்த போல்ட் முதலில் துளை ஓரத்தைத் தொடுகிறதோ அது முதலில் வாங்கும், அது கொஞ்சம் நசுங்கி இடம் கொடுத்த பிறகுதான் மற்றவை ஒவ்வொன்றாகச் சேரும். மென்மையான எஃகு போல்ட்டும் பிளேட்டும் இப்படி இடம் கொடுக்கும் குணம் உள்ளவை என்பதால்தான் இந்த முறை இத்தனை காலமாக ஏமாற்றாமல் இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகவும் பிடித்தது. இறங்குவதும் சுழல்வதும் இரண்டு தனி நிகழ்ச்சி மாதிரி நாம் கணக்குப் போட்டோம். ஆனால் ஒரு பிளேட் கொஞ்சம் இறங்கிக் கொஞ்சம் சுழன்றால், மொத்தத்தில் அது வேறு ஏதோ ஒரு புள்ளியைச் சுற்றிச் சுழன்றதற்குச் சமம். அந்தப் புள்ளி எங்கே? லோடுக்கு எதிர்ப்பக்கம், மேல்நோக்கி இழுப்பதும் கீழ்நோக்கி இழுப்பதும் சரிசமமாகக் கழிந்துபோகும் இடத்தில். உங்கள் பிராக்கெட்டில் அது மையத்திலிருந்து இடது பக்கம் Σr² ÷ (6 × 200), அதாவது 39.3 மி.மீ. அந்தப் புள்ளியைக் காகிதத்தில் குறித்து, அங்கிருந்து ஒவ்வொரு போல்ட்டுக்கும் உள்ள தூரத்தை ஸ்கேல் வைத்து அளந்து, 0.381-ஆல் பெருக்குங்கள் (இது 18,000 ÷ 47,200 தான்). வலது மூலை 127.5 மி.மீ., பெருக்கினால் 48.6. இடது நடு 20.7 மி.மீ., பெருக்கினால் 7.9. எல்லாம் அப்படியே வந்து உட்காரும். பாகம் பிரிக்க வேண்டாம், குறி பார்க்க வேண்டாம். விசையின் திசைகூட அந்தப் புள்ளியிலிருந்து வரைந்த கோட்டுக்குச் செங்குத்துதான். விலகு தூரம் கூடக் கூட அந்தப் புள்ளி மையத்தை நெருங்கும், அதாவது முறுக்கு ஆதிக்கம் ஏறுகிறது. லோடு மையத்துக்கு நெருங்க நெருங்க அது எங்கோ தூரத்துக்கு ஓடிவிடும், எல்லா போல்ட்டும் கிட்டத்தட்ட சமமாக வாங்கும். டிராயிங்கைக் கையில் எடுத்ததும் நான் முதலில் குறித்துக்கொள்வது அந்தப் புள்ளியைத்தான்.

இந்த யோசனையை இன்னும் ஒரு படி எடுத்துப்போய், போல்ட்டின் விசை தூரத்துக்கு நேர் விகிதம் என்பதையும் விட்டுவிட்டு, போல்ட் நிஜமாக எப்படி இழுபட்டு உடைகிறது என்ற வளைகோட்டைச் சோதனையில் எடுத்துக் கணக்குப் போடும் முறையும் இருக்கிறது. 1971-இல் கிராஃபோர்டும் குலாக்கும் அப்படிச் செய்து காட்டினார்கள், அமெரிக்க எஃகுக் கையேட்டில் இருக்கும் அட்டவணைகள் அந்த வழியில் வந்தவை. அதில் போட்டால் பொதுவாக நம் முறையைவிடக் கூடுதல் தாங்கும் திறன் கிடைக்கும், ஏனென்றால் மூலை போல்ட் தன் எல்லையை நெருங்கும்போது மற்றவையும் நன்றாக வேலை செய்ய ஆரம்பித்திருக்கும். அதாவது நாம் போட்ட 48.6 கொஞ்சம் கடுமையான பக்கம் நிற்கிறது. ஆனால் அதைச் சாக்காக வைத்து 45.3-க்கு 48.6-ஐ விட்டுவிடலாம் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் கூடுதல் திறன் சோதனைக்கூடத்தில் சரியான துளை, சரியான போல்ட் வைத்துக் கிடைத்தது. நம் ஊரில் டேனரி கொட்டகைகளில் உப்பும் ஈரமும் சேர்ந்து போல்ட்டைத் தின்னும் வேகம் தெரிந்தவர்கள், 20 மி.மீ. தண்டு 18 ஆகத் தேய்ந்தால் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும் என்பதையும் நினைத்துப் பார்ப்பார்கள்.

கணக்கு நிஜத்தோடு ஒத்துப்போகிறதா என்று கண்ணால் பார்க்கவும் வழி இருக்கிறது. பல வருடம் லோடு தாங்கிய பிராக்கெட்டைக் கழற்றும்போது துளைகளைத் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். லோடு வலது பக்கம் இருந்த பிராக்கெட்டில், வலது மேல் துளையில் பிளேட்டின் இடது மேல் ஓரம் பளபளவென்று தேய்ந்து, அதிகம் வாங்கியிருந்தால் கொஞ்சம் உள்வாங்கியும் இருக்கும். பிளேட் வலது கீழ்ப் பக்கம் போகப் பார்த்ததால் அந்த ஓரம்தான் போல்ட்டில் அழுந்தியது. தூண் ஃபிளேஞ்சில் இருக்கும் துளையில் தடம் எதிர் ஓரத்தில் இருக்கும். போல்ட் தண்டிலும் அதே சாய்வில் ஒரு பள்ளம் தெரியும். இடது நடுத் துளையில் பெரும்பாலும் பெயிண்ட் கூடக் கலையாமல் இருக்கும். துளைகளில் தடம் எல்லாம் நேராக மேல் ஓரத்தில் மட்டும் இருந்தால் லோடு மையத்துக்குப் பக்கத்தில்தான் இறங்கியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். சாய்ந்த தடம் இருந்தால் முறுக்கு இருந்திருக்கிறது.

இந்த முறை எதற்குச் செல்லாது என்பதும் முக்கியம். லோடு போல்ட் கூட்டத்தின் அதே தளத்தில் இருந்தால்தான் இது, அதாவது பிளேட் ஃபிளேஞ்சோடு ஒட்டிப் படுத்திருந்து லோடும் அந்தத் தளத்திலேயே இறங்க வேண்டும். பிராக்கெட் தூண் முகத்திலிருந்து நம்மை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தால், மேல் போல்ட்டுகள் தண்டின் நீளத்தில் இழுபடும், வெட்டும் இழுப்பும் சேர்ந்து வரும், அதற்கு Σr² போட்டால் விடை முற்றிலும் தப்பு. அது வேறு கணக்கு. அதே மாதிரி இரண்டு ஃபிளேஞ்சிலும் இரண்டு பிளேட் போட்டு நடுவில் பீம் உட்காரும் அமைப்பு என்றால், 90 என்பது ஒரு பிளேட்டின் பங்கா, மொத்தமா என்று டிசைனரிடம் கேட்டுவிடுங்கள். ஒரு பிளேட்டின் பங்கு என்று வைத்துத்தான் இவ்வளவும் எழுதினேன். பிளேட் தானே வளைந்து போகுமா என்பதையும் வலது போல்ட் வரிசையில் தனியாகப் பார்க்க வேண்டும்.

கடைசியாக, டிராயிங் பார்க்கிற உங்களுக்குக் கட்டாயம் தேவைப்படப்போகிற ஒன்று. சைட்டில் ஏற்றும்போது ஒரு துளை மட்டும் சேராமல் போவது சாதாரணமாக நடக்கும். ஒரு வேலையில், ஐந்து போல்ட் ஏறியது, வலது கீழ் துளை பாதி மறைந்திருந்தது, "ஆறில் ஐந்து இருக்கிறதே, ஐந்தில் ஒரு பங்கு கூடும், விடுங்கள்" என்று எரெக்‌ஷன் ஆட்கள் சொன்னார்கள். உங்கள் பிராக்கெட்டிலேயே அதைப் போட்டுப் பார்ப்போம். வலது கீழ் போல்ட்டை எடுத்துவிட்டால் கூட்டத்தின் மையமே நகர்ந்துவிடுகிறது, இடது பக்கம் 12 மி.மீ., மேல்பக்கம் 16 மி.மீ. ஆக விலகு தூரம் 200 இல்லை, 212. திருப்பம் 19,080. புது மையத்திலிருந்து Σr² 47,200-லிருந்து 35,200 ஆகச் சுருங்கிவிடுகிறது. நேர் விசை 18. வலது மேல் போல்ட் இப்போது மையத்திலிருந்து பக்கவாட்டில் 72, உயரத்தில் 64. நிற்கும் பாகம் 18 + 39.0 = 57.0, படுக்கும் பாகம் 34.7, சேர்த்து 66.7 கிலோநியூட்டன். ஐந்தில் ஒரு பங்கு கூடும் என்றார்கள், கூடியது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். இடது கீழ் போல்ட் முன்பு 31.5-இல் சும்மா இருந்தது, அதற்கே 52.7 வந்துவிட்டது. நீங்கள் பிட்ச்சை 100 ஆக்கினாலும் இந்த நிலையில் காப்பாற்றாது. அதனால் துளை சேராவிட்டால் போல்ட்டை விட்டுவிடுவதும் கூடாது, கேஸ் கட்டிங் வைத்துத் துளையைக் கிழிப்பதும் கூடாது. கிழித்த துளையில் போல்ட் தொட வேண்டிய ஓரமே இல்லாமல் போகும், அப்புறம் அதுவும் இல்லாத போல்ட்டுக்குச் சமம்தான். ரீமர் போட்டு இரண்டு பிளேட்டையும் சேர்த்து அகலப்படுத்தி அடுத்த அளவு போல்ட் போடலாம், அதற்கு ஓரத்தூரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு டிசைனரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஓரத்தூரம் இல்லையென்றால் பிளேட்டைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுவந்து புதுப் பிளேட்டில் துளை போடுவதுதான் வழி.